இரண்டாம் குவியல்

கிண்ணியாவிலிருந்து ஜவாஹிர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கியபோது ஜெயரூபி முழங்கை வரை சாணியோடு நின்றாள். காலைச் சாணியை உமியோடு பிசைந்து, கொட்டிலின் பின்சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மாசி வெயில் நல்ல வெயில். இன்று தட்டினால் நாளை மறுநாள் பிரட்டிப் போடலாம். ஐந்தாம் நாள் அடுக்கலாம்.

"வாங்கோ நானா. இன்னும் எரு வேணுமே?"

ஜவாஹிர் ஆட்டோவின் பின்சீற்றிலிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்து, அதிலிருந்த மூன்று தக்காளிக் கன்றுகளை வேரோடு நிலத்தில் வைத்தார். தண்டுகள் முறுக்கிக்கொண்டு நின்றன. குருத்திலைகள் கிண்ணம்போல மேல்நோக்கி மடங்கி, நூல் நூலாக ஒடுங்கியிருந்தன.

"நானூறு கன்டு தங்கச்சி. எல்லாம் இப்பிடித்தான் இரிக்கி. ஒங்கட எரு போட்ட பாத்தி மட்டும். மத்தப் பக்கம் எங்கட ராத்தாட தோட்டத்தில ஒரு இலை சுருளல்ல."

ஜெயரூபி குந்தி இருந்து கன்றைத் தொடாமல் பார்த்தாள். கையில் சாணி. இலைச்சுருள் நோய் அவள் காணாததல்ல. வெள்ளை ஈ கொண்டுவரும் அந்த நோயில் இலை மஞ்சளிக்கும். இதில் மஞ்சள் இல்லை. பச்சையாகவே கோணிப்போயிருந்தது.

"என்ர பூச்சி விரட்டியும் அடிச்சனீங்களே?"

"ரெண்டு தரம். நீங்க சொன்ன மாதிரித்தான், ஒன்டுக்குப் பத்துத் தண்ணி, பின்னேரத்தில. ரத்தினசிங்கம் முதலாளிக்கிட்ட கன்டக் காட்டினன். மாட்டு மூத்திரம் எரிச்சிப் போட்டெண்டு சொல்றார்."

அந்தப் பெயரைக் கேட்டதும் ஜெயரூபி எழுந்து நின்றாள்.

கந்தளாய் வீதியில் சந்தியோரம் உரமும் கிருமிநாசினியும் விற்கிற கடை இரத்தினசிங்கத்தினுடையது. ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவரும் அவர்தான். அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடைசெய்த வருடம் அவருடைய கடைத் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன, ஜெயரூபியின் படலைக்கு முன்னால் கப்பல்துறை ஆட்களும் சீனக்குடா ஆட்களும் வரிசையில் நின்றார்கள். ஒன்பது மாட்டின் எரு போதவில்லை. தடை நீங்கிக் கடையில் மூட்டை வந்து இறங்கிய பிறகும் பாதிப்பேர் அவளிடமே நின்றுவிட்டார்கள். அதை அவர் மறக்கவில்லை.

"நானா, எரிச்ச இலை கருகும். இது கருகேல்லை, கோணியிருக்கு. எனக்கு ஒரு மாதம் தாங்கோ. பிழை என்னில எண்டால் நானே வந்து உங்கட பாத்தியில நிண்டு சொல்லுவன்."

"ஒரு மாசத்தில என்ட போகம் போயிடும்."

"தெரியும்," என்றாள். வேறு என்ன சொல்ல? ஜவாஹிர் மூன்று வருட வாடிக்கை. ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர். இன்றும் உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

*

கணவன் இக்னேசியஸ் துறைமுகத்திலிருந்து சீமெந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது கதை வழியிலேயே அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"கடையில நாலு பேர் நிண்டு கதைக்கினம், ரூபி. கொஞ்ச நாளைக்கு எரு விக்கிறதை நிப்பாட்டுவம். வறட்டி போகுது, பால் போகுது. அந்த மனிசனுக்குத் தக்காளிக் கன்று வாங்கிக் குடுத்து விசயத்தை அமத்துவம்."

"கன்று குடுக்கத்தான் வேணும். ஆனா அமத்த மாட்டன்."

"பிழை எங்கட எருவில எண்டு வந்தால்?"

"வந்தால் வரட்டும். தெரியாமல் இருக்கிறதுதான் எனக்கு ஏலாது."

சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாமல் அவள் வளவின் பின்பக்கம் போனாள். அங்கே இரண்டு எருக்குவியல்கள் தென்னோலைக் கிடுகால் மூடிக் கிடந்தன. முதற் குவியல் மாடுகள் மாரிப் புல்லில் மேய்ந்த காலத்துச் சாணி. இரண்டாவது, ஆடியில் புல் கருகி, கிளிவெட்டியிலிருந்து வைக்கோல் வாங்கிப் போட்ட மாதங்களின் சாணியும் கழிவு வைக்கோலும். இரண்டையும் ஒரே மாதிரித்தான் மடித்தாள், ஒரே மாதிரித்தான் ஈரம் வைத்தாள். கையை உள்ளே விட்டால் சூடு அடங்கியிருந்தது. மூக்குக்கு மழை பெய்த மண் மணம். நல்ல எருவென்று எவரும் சொல்வார்கள். அவளும் சொல்லித்தான் விற்றாள்.

ஜவாஹிருக்குப் போனது இரண்டாம் குவியல்.

அடுத்த நாள் காலை கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியை ஷிஃபானாவைக் கூட்டி வந்தாள். வயதில் சின்னவள், மோட்டார் சைக்கிளில் வயல் வயலாகத் திரிகிறவள். விசயத்தைக் கேட்டுவிட்டு, "அவரை விதைச்சுப் பாப்பம் அக்கா," என்றாள். "எருவில ஏதும் கலந்திருந்தால் அவரையும் தக்காளியும்தான் முதல்ல காட்டும். மூணு கிழமை போதும்."

"நான் மட்டும் செய்தால் சட்டியை மாத்திப் போட்டன் எண்டு சொல்லுவினம். நீங்களே மண்ணை அள்ளி, நீங்களே எழுதி, கையெழுத்தும் வையுங்கோ மிஸ்."

தயிர்க்காரரிடம் வாங்கிய வெறும் சட்டிகள் இருபதை எடுத்து அடியில் துளையிட்டார்கள். ஐந்தில் வெறும் மண். ஐந்தில் மண்ணோடு முதற் குவியல் எரு. ஐந்தில் இரண்டாம் குவியல். கடைசி ஐந்தில் வெறும் மண், ஆனால் முளைத்த பிறகு பூச்சி விரட்டி அடிப்பதற்கு. ஒவ்வொன்றிலும் மூன்று அவரை விதை. ஷிஃபானா பெயின்ற் பேனையால் எழுதிக் கையெழுத்து வைத்தாள். எல்லாச் சட்டிகளும் ஒரே வெயிலில், வீதியால் போகிறவர் பார்க்கக்கூடிய மதிலோரத்தில் வைக்கப்பட்டன.

"உள்ளே வைக்கலாமே அக்கா? ஆடு கடிச்சால்?"

"வலை அடிச்சு விடுறன். எல்லாரும் பாக்கட்டும்."

*

பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தார்கள் சிலர். சைக்கிளை நிறுத்தி, "என்ன அக்கா, சட்டிக்குச் சாத்திரம் பாக்கிறியளோ?" என்று கேட்ட ஒருவனுக்கு, "ஓம் தம்பி, பலன் வந்ததும் சொல்லுறன்," என்றாள்.

ஆனால் எரு கேட்டு யாரும் வரவில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல் கிழமைக்கு இருபது போத்தல் போகும். அதுவும் நின்றது. அவள் வழக்கம்போலக் கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ஊறப்போட்டாள். ஊறியதை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் தன் கத்தரிக்கே அடித்தாள். மாட்டுச் சலத்தில் வேப்பிலையும் நொச்சியும் எருக்கலையும் ஊறிய நீலப் பீப்பாய் இரண்டு வாயைக் கட்டியபடி மூலையில் நின்றன. கோயில் ஓமத்துக்கு வறட்டி எடுக்கிற ஐயர் மட்டும் வந்தார்.

"வைக்கோல் உமி கலக்காத வறட்டிதானே பிள்ளை எனக்கு?"

"உங்களுக்கு எப்பவும் தனிச் சாணிதான் ஐயா. மாதாவைக் கும்பிடுற வேதக்காரி தட்டின வறட்டியெண்டு முந்தி ஒருத்தர் உங்களிட்டச் சொன்னவராம். இப்ப எருவைப் பற்றியும் சொல்லியிருப்பாரே?"

"சொன்னவர்," என்று ஐயர் வறட்டிகளைச் சாக்கில் அடுக்கினார். "மாடு எந்தக் கோயிலுக்குப் போகுதெண்டு கேட்டன். பேசாமல் போயிட்டார்."

ஜெயரூபிக்கு அந்த மாதத்தில் வந்த முதற் சிரிப்பு அது.

இரண்டாம் கிழமை கடிதம் வந்தது. கமக்கார அமைப்பின் மாதக் கூட்டத்தில் அவளுடைய 'தரமற்ற எரு மற்றும் திரவங்கள்' பற்றி ஆராயப்படும், அதுவரை விற்பனையை நிறுத்திவைக்கவும் என்று தலைவர் இரத்தினசிங்கம் ஒப்பமிட்டிருந்தார். ஜெயரூபி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு படலையில் தொங்கிய 'எரு, வறட்டி, பூச்சி விரட்டி விற்பனைக்கு உண்டு' என்ற பலகையைக் கழற்றி, தூசி துடைத்து, இன்னும் ஒரு முழம் உயரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். பலகைக்குக் கீழே ஒரு மட்டையில், 'எரு சோதனையில் இருக்கிறது. முடிவு தெரியும்வரை விற்பனை இல்லை. இது என் முடிவு' என்று எழுதிக் கட்டினாள்.

"நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டத்தானே செய்யிறாய்?" என்றான் இக்னேசியஸ்.

"அவர் சொல்லி இல்லை. எனக்குத் தெரியாத சாமானை நான் விக்க மாட்டன். ரெண்டும் வேற வேற."

பதினாறாம் நாள் காலையில் தண்ணீர் விடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வெறும் மண்ணில் அவரை நிமிர்ந்து இலை விரித்திருந்தது. பூச்சி விரட்டி அடித்ததும் அப்படியே, இலையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. முதற் குவியல் எருவில் முளைத்தது எல்லாவற்றையும்விடக் கரும்பச்சை. இரண்டாம் குவியல் சட்டிகள் ஐந்திலும் கன்றுகள் கூனிக் கிடந்தன. மூவிலைக் குருத்து விரியவேயில்லை. கிண்ணம்போல மடங்கி, நுனி முறுகி, ஜவாஹிர் கொண்டுவந்த அதே கோணல்.

அவள் மதிலைப் பிடித்துக்கொண்டாள். என் எருதான். நான்தான் அந்த மனிசனின் நானூறு கன்றையும் கெடுத்தேன். என் கையால் மடித்து, என் மூக்கால் மணந்து, நல்லதென்று சொல்லிக் கொடுத்தேன்.

இக்னேசியஸ் பின்னால் வந்து நின்று பார்த்தான். 

"இந்த அஞ்சையும் ஆடு கடிச்சுதெண்டு சொல்லலாம்," என்றான் மெல்ல.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில், "நான் சும்மா சொன்னனான்," என்று லொறிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஷிஃபானா வந்து பார்த்தாள். "எருவில களைநாசினி இருக்கு அக்கா. மாடு திண்ட வைக்கோலால வந்தது. சில மருந்து நெல்லை ஒண்டும் செய்யாது, வைக்கோலில தங்கும். மாட்டு வயித்துக்குள்ளாலயும் போகும். குவியல் எவ்வளவு சூடேறினாலும் லேசில அழியாது. அவரை, தக்காளி, மிளகாய்க்குத்தான் பகை. நெல்லு, சோளத்துக்கு ஒண்டும் வராது."

"அப்ப வைக்கோல் தந்தவனைக் கேக்க வேணும்."

கிளிவெட்டிக் கிருஷாந்துக்குத் தொலைபேசி எடுத்தாள். வயலும் இழுவை இயந்திரமும் வைத்திருக்கிற இளம் தகப்பன் அவன். புதுப் பெரும்போக அறுவடை முடிந்து, அடுத்த வைக்கோலை அவளுக்கே ஏற்ற ஆயத்தமாக இருந்தான்.

"தம்பி, ஆடியில எனக்குத் தந்த வைக்கோலின்ர வயலுக்குப் புல்லு மருந்து என்ன அடிச்சனீர்?"

"ஏன் அக்கா?"

"சொல்லும்."

"நெல்லுக்க புல்லு மூடிட்டுது. பிந்தித்தான் அடிச்சன். ஒருக்காக் கேக்கேல்லை எண்டு ரெண்டாந் தரமும். உங்கட பக்கத்துக் கடையிலதான் வாங்கினன், முந்தின வைக்கோல் இறக்க வந்தபோது. ரத்தினசிங்கம் அண்ணைதான் இது நல்லதெண்டு தந்தவர்."

"வெறும் போத்தல் இருக்கே?"

"கொட்டிலுக்க கிடக்கும்."

"கூட்டத்துக்கு அதையும் கொண்டு வாரும். வராட்டில் உம்மட வைக்கோல் இனி என்ர படலைக்குள்ள வராது."

*

பொதுநோக்கு மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். இரத்தினசிங்கம் மேசைக்குப் பின்னால் கதிரையில் சாய்ந்து இருந்தார். வெள்ளைச் சேட்டு, பையில் இரண்டு பேனை. ஜவாஹிரும் வந்து கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். தான் முறைப்பாடு கொடுக்கவில்லை என்று வாசலிலேயே ஜெயரூபியிடம் சொன்னார்.

இரத்தினசிங்கம் நீளமாகப் பேசினார். வீட்டில் மாடு வைத்திருக்கிற எல்லோரும் உர வியாபாரி ஆகிவிட்டார்கள் என்றார். மூத்திரத்தையும் இலையையும் ஊறவைத்துப் போத்தலில் அடைத்தால் மருந்தாகுமா என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"முடிஞ்சுதே அண்ணை?" என்று ஜெயரூபி எழுந்தாள். இக்னேசியஸ் லொறியிலிருந்து பலகைத் தட்டில் சட்டிகளைக் கொண்டுவந்து மேசையில், தலைவருடைய கோப்புகளுக்கு மேலேயே வைத்தான்.

"கையெழுத்து மிஸ்ஸினுடையது. ஆரும் வந்து பாக்கலாம். முதல்ல நானே சொல்லிப்போடுறன். என்ர எருவில பிழை இருக்கு."

 அவள் இதைச் சொல்வாள் என்று இரத்தினசிங்கமும் எதிர்பார்க்கவில்லை.

"பூச்சி விரட்டியில பிழையில்லை. இந்தா, அடிச்ச அவரை. பழைய குவியலிலயும் பிழையில்லை. இந்த அஞ்சு சட்டிதான் ரெண்டாம் குவியல். ஜவாஹிர் நானாவின்ர தக்காளியை இதுதான் கெடுத்தது. நான் தெரியாமல் வித்தனான். அதுக்கு நான் பொறுப்பு. அவருக்குப் புதுக் கன்றும், முதற் குவியலில மிச்சம் கிடக்கிற எரு முழுதும் குடுக்கிறன், என்ர கையால பாத்தியில போட்டும் விடுறன்."

"அப்ப தெளிவுதானே!" இரத்தினசிங்கம் மேசையில் தட்டினார். "அவவே ஒத்துக்கொண்டிட்டா. இனி இந்தப் பகுதியில எரு விக்கக்கூடாதெண்டு தீர்மானம் எடுப்பம்."

"இருங்கோ. என்ர பங்கைத்தான் சொன்னனான். இன்னும் பங்கு இருக்கு." அவள் திரும்பினாள். "தம்பி, அதை வையும்."

கிருஷாந்த் கூச்சத்தோடு வந்து ஒரு வெறும் போத்தலை மேசையில் வைத்தான். லேபல் பாதி உரிந்திருந்தது. ஷிஃபானா அதை எடுத்து, சின்ன எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து உரத்து வாசித்தாள். இந்த மருந்து அடித்த வயலின் வைக்கோலை மாட்டுக்குப் போடவோ, பசளை ஆக்கவோ கூடாது.

"இதை இவருக்கு வித்தது ஆர் அண்ணை?" என்று ஜெயரூபி கேட்டாள். "வித்தபோது இந்த வரியைச் சொன்னனீங்களே?"

"லேபலில கிடக்குது. வாசிக்கிறது வாங்கிறவன்ர வேலை."

"அவர் வைக்கோல் வண்டியோட உங்கட கடை வாசலில நிண்டவர். அவற்ர வைக்கோல் ஆற்ற வீட்டை போகுதெண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்."

"நான் சட்டப்படி விக்கிற சாமான் அது!"

"விக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லையே. உங்கட சாமானில வந்த வினையை நான் என்ர வாயால ஒத்துக்கொண்டு இதில நிக்கிறன். நீங்கள் என்ர மாட்டு மூத்திரத்தில பழியைப் போட்டுட்டுக் கதிரையில இருக்கிறியள். உரமில்லாத வருசம் இந்த மண்டபத்தில இருக்கிற அரைவாசிப் பேர் என்ர படலையில நிண்டவை. நீங்களும் உங்கட கத்தரிக்கு ஆளனுப்பி ரெண்டு மூட்டை எடுத்தனீங்கள். தீர்மானம் எடுக்கிறதெண்டால் எடுங்கோ. நாளைக்கு விடிய நான் வழமைபோலச் சாணி அள்ளுவன்."

  யாரும் கைதட்டவில்லை. ஆனால் கடைசி வாங்கிலிருந்து ஜவாஹிர் எழுந்தார்.

"நட்டம் எனக்குத்தான். தீர்மானத்துக்கு நான் கை ஒசத்தல்ல," என்றார். "பிழையத் தேடிப் புடிச்சி வந்து சொன்ன ஆள் இவ ஒராள்தான். எனக்கு எரு இவக்கிட்டத்தான்."

தீர்மானத்துக்கு ஏழு கைகள் உயர்ந்தன. அவ்வளவுதான். இரத்தினசிங்கம் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த விடயம் வாய்க்கால் துப்புரவு என்றார்.

*

எல்லாம் அன்றோடு சீராகிவிடவில்லை. சீனக்குடாப் பக்கத்து வாடிக்கையில் பாதி திரும்பவில்லை. ஜவாஹிரின் கெட்ட பாத்திகளில் ஷிஃபானா சொன்னபடி சோளம் ஊன்றினார்கள், அது குறையில்லாமல் எழும்பியது. பக்கத்தில் வேறு துண்டு கொத்தி, முதற் குவியல் எருவை ஜெயரூபியே கடகத்தில் அள்ளிப் போட்டாள். ஜவாஹிரின் மனைவி றம்ஸியா அவளுக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தக்காளி பிந்தினால் விலை கூடவும் வரலாம் என்றாள். வருமோ வராதோ, அந்தச் சொல் ஜெயரூபிக்கு வேண்டியிருந்தது.

வைக்கோலுக்கு அவள் புதுச் சட்டம் போட்டாள். ஏற்றுவதற்கு முன் ஒரு சாக்கு வைக்கோல் வரவேண்டும். அதை நறுக்கி மண்ணில் கலந்து அவரை ஊன்றுவாள். மூன்று கிழமை கழித்து இலை நேராக விரிந்தால்தான் வண்டி வரலாம். 'இதென்ன கலியாணத்துக்குப் பொருத்தம் பாக்கிற மாதிரி' என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறிடம் போனார்கள். போகட்டும் என்று விட்டாள்.

மிச்சம் இரண்டாம் குவியல். மூன்று இழுவைப் பெட்டி நிறையும் எரு. மாதக்கணக்கான உழைப்பு. இக்னேசியஸ் குழி வெட்டித் தாட்டுவிடலாம் என்றான்.

சித்திரையில், சிறுபோக உழவு தொடங்கும் நேரம், அவள் கிருஷாந்தை இழுவை இயந்திரத்தோடு வரச் சொன்னாள். வந்தவனிடம் மண்வெட்டியை நீட்டினாள்.

"ஏற்றும்."

"எனக்கு எருவே அக்கா? நான் கேக்கேல்லையே."

"நெல்லுக்கு இது ஒண்டும் செய்யாது. மிஸ்ஸைக் கேட்டுட்டன். உம்மட வயலில இருந்து வந்தது, உம்மட வயலுக்கே போகட்டும். காசு வேண்டாம். ஆனா ஒரு நிபந்தனை. இந்த எரு போட்ட வயல் வைக்கோலும் எனக்கு வேண்டாம், அதை வேற ஒருத்தருக்கும் வித்துப் போடாதையும். வயலிலயே உழுது விடும்."

கிருஷாந்த் குவியலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சேட்டைக் கழற்றிப் பெட்டியின் விளிம்பில் போட்டான். இருவருமாக ஏற்றினார்கள். முதற் பெட்டி நிறைந்ததும் ஜெயரூபி கையைக் கழுவாமலே மேலே ஏறி எருவின்மீது உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்களும் வாறியளே?"

"ஓம். எங்க கொட்டுறீர் எண்டு நான் பாக்க வேணும்."

வண்டி கந்தளாய் வீதியில் ஏறியது. சந்திக் கடை வாசலில் இரத்தினசிங்கம் யாருக்கோ ஒரு போத்தலைக் காட்டி, லேபலில் விரல் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எரு மணம் கடையைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்த்தார். ஜெயரூபி முகத்தைத் திருப்பவில்லை.

"மெதுவா ஓட்டும் தம்பி," என்றாள். "ஆட்கள் பாக்கட்டும்."